வைவாவில் இரண்டாவது கேள்வி

எங்கள் துறையின் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வுக் கேள்விகள் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். யாரும் ஒளித்து வைத்து விற்கவில்லை. மேசைமேலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். திட்டத்தின் நோக்கம் என்ன, இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள், நன்மைகள் என்ன, குறைகள் என்ன, பிற்பாடு எப்படி மேம்படுத்தலாம் என்று மொத்தம் இருபது. இறுதியாண்டு மாணவர்கள் அதற்குப் பதிலை உருப்போட்டுக்கொண்டு வருவார்கள். நாங்களும் அதையே கேட்போம். கேட்டவரும் சொன்னவரும் சங்கடப்படாமல் பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம்.

நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் உதவிப் பேராசிரியை. அந்த வருடம் இறுதியாண்டு திட்டங்களை ஒருங்கிணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வைவாவில் உள்தேர்வாளராக உட்கார வேண்டியவளும் நான்தான். அங்கீகாரக் குழு வரப்போகிறது, கேள்வித் தொகுப்பு கோப்பில் இருக்க வேண்டும் என்று துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பழைய இருபதுதான் இருக்கே மேடம். தேதிய மட்டும் மாத்தி அடிச்சு வச்சிருங்க.”

சரி சார் என்று வந்துவிட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தத் தாளைத் திறந்தபோது கை ஓடவில்லை.

காரணம் என்னுடைய வைவாதான். நான் படித்த காலத்தில் எங்கள் குழு செய்த திட்டம் நாங்கள் செய்ததில்லை. நாகர்கோவிலில் ஒரு கடையில் சர்க்யூட்டும் ரிப்போர்ட்டும் சேர்த்தே வாங்கினோம். தலைப்பு மட்டும் எங்களுடையது. வைவாவில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், நான் ஆங்கிலத்தில் தடையில்லாமல் சொன்னேன். இரண்டாவது கேள்வி வந்திருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். வரவில்லை. வகுப்பிலேயே அதிக மார்க் எனக்கு. அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதை ஒரு வாய்க்குமேல் என்னால் குடிக்க முடியவில்லை.

அந்தக் குறுகுறுப்பு எத்தனையோ வருடமாக உள்ளே கிடந்தது. ஆனாலும் அது மட்டுமே என்னை எழுதவைத்தது என்று சொன்னால் பொய். இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டே பேர் கொண்ட ஒரு குழு.

மற்ற குழுக்களில் நான்கு நான்கு பேர். கடைசியில் இரண்டு பேர் மிஞ்ச, அவர்களை ஒரு குழுவாக்கினோம். ஒருவன் மஸ்கட்டில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வந்தவன். ஆங்கிலம் அருவிபோலக் கொட்டும். மற்றவள் குலசேகரத்துக்கு மேலே மலையோரத்தில் இருந்து வருகிறவள். அவள் அம்மாவும் அப்பாவும் சின்ன ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் அவள் குரலை நான் வருகைப் பதிவின்போது மட்டுமே கேட்டிருக்கிறேன்.

ரப்பர் பாலை உறையவைத்து உருளையில் கொடுத்து ஷீட்டாக அடித்து, புகைப்புரைக்குள் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். உள்ளே நெருப்பு மூட்டி, புகையும் சூடும் ஏற நாலைந்து நாள் கிடக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆள் உள்ளே போய் ஒவ்வொரு ஷீட்டாக வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். இவர்களுடைய கருவி, தொங்குகிற ஷீட்டின் எடையை விடாமல் அளக்கும். எடை குறைவது நின்றதும், காய்ந்துவிட்டது என்று போனுக்குச் செய்தி அனுப்பும். திட்டம் அவ்வளவுதான்.

வழிகாட்டி ஆசிரியர் பாதியிலேயே வேறு கல்லூரிக்குப் போய்விட்டதால், யார் எதைச் செய்தார்கள் என்று துறையில் எவருக்கும் தெரியாது. கடைசி ஆய்வுக்கூட்டத்தில் துறைத்தலைவர் அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ விளக்கம் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். பையன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். அடுத்த கேள்விக்கும் அப்படியே. கூட்டம் முடிந்ததும் துறைத்தலைவர் என்னிடம் சொன்னார்:

“அந்தப் பிள்ளை சும்மா கூட நிக்குது மேடம். வேலை பூரா பையன்தான். வைவாவில பாஸ் மார்க்க போட்டு விட்டுருங்க, போதும்.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்ததை வைத்துச் சொன்னார். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த இருபது கேள்வியை வைத்துக்கொண்டு அது உண்மையா பொய்யா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடாமல் அரித்தது.

மறுநாள் எல்லாக் குழுக்களின் ரிப்போர்ட்டையும் வாங்கி வந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக எட்டு கேள்வி எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. அந்த மதிப்போடு தாளைக் கொண்டுபோய் எங்கள் லேப் அசிஸ்டென்டிடம் காட்டினேன்.

அவர் இரணியல்காரர். ரயிலில் வந்து இறங்கி, முதல் மணி அடிக்கும் முன்பே லேபைத் திறந்து வைத்திருப்பார். இருபது வருட சர்வீஸ். எந்தப் பேராசிரியருக்கும் பயப்படமாட்டார்.

“நான் கேக்கேன், நீங்க பதில் சொல்லுங்க,” என்றேன். “நீங்கதான் அந்த ரப்பர் திட்டத்தைச் செஞ்சதா வச்சுக்கிடுங்க.”

“நான் அந்த மெஷின கண்ணால கண்டது கூட இல்லியே மேடம்.”

“அதனாலதான் கேக்கேன். ரிப்போர்ட்ல முதல் பக்கத்த மட்டும் படிங்க.”

படித்தார். நான் கேட்டேன். எட்டில் ஆறுக்குப் பதில் சொல்லிவிட்டார். அதுவும் நன்றாகவே. ஷீட்டின் ஈரத்தை நேராக அளக்காமல் ஏன் எடையை அளக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, “மேல் தொலி மொதல்ல காஞ்சிரும், உள்ள ஈரம் கெடக்கும். தொட்டுப் பாக்கிற மெஷினு ஏமாந்து போவும். எடை ஏமாறாது. இது ஆருக்கும் தெரியுமே,” என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். “செய்யாத நானே சொல்லுகேன்னா, இது வைவா கேள்வி இல்ல மேடம். பேச்சுப் போட்டியாக்கும்.”

அந்த ஆறையும் கோடு போட்டு அடித்தேன். மிச்சம் இரண்டு.

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. செய்யாதவர் சொல்ல முடிகிற கேள்வியை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம், பதற்றம் தணியும். ஆனால் ஆளைக் காட்டுவது அதற்குப் பின்னால் வரும் கேள்வி. முதல் பதிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிற துணைக்கேள்வி. அதைத் தேர்வாளரின் அன்றைய மனநிலைக்கு விட்டுவிடக் கூடாது. எழுதியே வைக்க வேண்டும்.

மறுபடி உட்கார்ந்தேன். இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் கீழே கிளை பிரித்தேன். பதில் பொதுப்படையாக வந்தால், எந்த நாள், எந்த அளவு என்று கேட்க வேண்டும். புத்தக வரியாக வந்தால், அந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருந்து, பிறகு கருவியைத் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வரக்கூடாது. ஆளுக்கு ஒரே எண்ணிக்கையில் துணைக்கேள்வி. பதில் தமிழில் வந்தாலும் மார்க் குறையாது. பக்கத்து ஓரத்தில், எப்படிப்பட்ட பதிலுக்கு முழு மார்க், எதற்குப் பாதி என்றும் எழுதினேன்.

ரப்பர் குழுவின் ரிப்போர்ட்டில் ஒரு வரி என் கண்ணைக் குத்தியது. சூட்டினால் வரும் பிழை சரிசெய்யப்பட்டுள்ளது என்று ஒரே ஒரு வரி. எப்படி என்று இல்லை. எடையை அளக்கும் லோடு செல் ஓர் உலோகத் துண்டு. பாரம் ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், அந்த வளைவை மின்குறியாக மாற்றித் தரும். சூடு ஏறினால் பாரம் மாறாமலே அதன் கணக்கு மாறும். புகைப்புரைக்குள் இருப்பதே சூடுதான். அப்படியானால் இவர்கள் என்ன செய்தார்கள்? நான் எழுதினேன்: ‘சூடு ஏறும்போது அளவு மாறியதா?’

லேப் அசிஸ்டென்ட் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“மாறிச்சு மேடம்,” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே சொல்லித் தாறிய. கேள்விக்குள்ளயே பதில பொதிஞ்சு வச்சா, ஆமாண்ணு சொல்லுகதுக்கு என்ன பாடு?”

அதையும் அடித்தேன். சூடு என்ற சொல்லே வராமல் அதைக் கேட்பது எப்படி என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் யோசித்தேன். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று யோசித்தேன். கடைசியில் சோறு வடிக்கும்போது வந்தது: ‘நீங்கள் எதிர்பார்க்காத ஓர் அளவு எப்போதாவது வந்ததா? அன்று என்ன செய்தீர்கள்?’

மறுநாள் லேப் அசிஸ்டென்டிடம் கேட்டேன். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“வந்திச்சு...” என்று இழுத்தார். “என்ன வந்திச்சுண்ணு நான் எங்கண்டு சொல்லுகது? கொள்ளாம் மேடம், நல்ல கேள்வியாக்கும். இதில நான் மாட்டுனேன்.”

அவர் மாட்டிய சந்தோஷத்தில் நான் லேபிலேயே கை தட்டினேன்.

துறைத்தலைவர் தொகுப்பைப் புரட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். “இவ்வளவு எதுக்கு மேடம்? வெளித்தேர்வாளர் சாயங்காலம் திருநெல்வேலிக்குத் திரும்பணும். அவருக்கு நேரம் இருக்காது.” இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். கோப்பு கனமாக இருப்பது அவருக்கும் பிடித்திருந்தது.

வைவா நாள் வந்தது. வெளித்தேர்வாளர் வயதில் மூத்தவர். வந்ததும் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் தொகுப்பை நீட்டினேன். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். “பார்ப்போம்மா. நமக்குத் தெரியாததா?”

முதல் குழு உள்ளே வந்தது. அவர் பழைய வழியிலேயே கேட்டார். நோக்கம் என்ன? நன்மை என்ன? நான்கு பேரும் ஒரே வாக்கியத்தை மாறி மாறிச் சொன்னார்கள். பாதியில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். அவர்கள் போனதும் பெருமூச்சு விட்டு, தாளைத் திருப்பினார். ஒரு பக்கம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கமும் படித்தார்.

“இது நீங்க எழுதினதாம்மா?”

“ஆமா சார்.”

“அடுத்த குழுவை இதை வச்சே கேளுங்க. நான் கவனிக்கேன்.”

அடுத்தது ரப்பர் குழு. மூங்கில் சட்டத்தில் தொங்கும் இரண்டு லோடு செல்லும் கம்பிகளும் ஒரு பழுப்பு ஷீட்டுமாகக் கருவியை மேசைமேல் நிறுத்தினார்கள். அறை முழுக்கப் புகைவாசம்.

பையனிடம் முதலில் கேட்டேன். எடையை ஏன் அளக்கிறீர்கள் என்றதற்குச் சரளமாகச் சொன்னான். எடை குறைவது நின்றதைக் கருவி எப்படி முடிவு செய்கிறது என்று துணைக்கேள்வி போட்டேன். ஒரு தடவை வந்த அளவை நம்பாமல், பல அளவுகளின் சராசரியை எடுத்து, அதை முந்தைய சராசரியோடு ஒப்பிடுவதாகச் சொன்னான். ஏன் ஒற்றை அளவை நம்பவில்லை என்றேன். கதவைத் திறந்தால் காற்றில் ஷீட் ஆடும், எடை துள்ளும் என்றான். நல்ல பதில். நிரல் எழுதியது அவன்தான் என்பது தெளிவாயிற்று.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன். எதிர்பார்க்காத அளவு எப்போதாவது வந்ததா?

அவன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். சவால்கள் இருந்தன, அவற்றைக் கடந்தோம் என்றான். எந்த நாள், எந்த அளவு என்றேன். நிறுத்தினான். அவன் காது சிவந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“மேடம், அது நான் செய்யல்ல. அவதான் பாத்தா. புகைப்புரைக்குள்ள மூணு வாரம் அவதான் கெடந்தா.”

அந்தப் பையனை அப்போது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அவளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தரையைப் பார்த்தாள். துறைத்தலைவர் அதற்குள் கதவருகே வந்து நின்றிருந்தார். அவர் முகத்தில், நான் சொன்னேன் அல்லவா என்ற பாவனை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. ஏழுவரை வந்தபோது வெளித்தேர்வாளர் பேச வாயெடுத்தார். நான் கையை லேசாக உயர்த்தி அவரைத் தடுத்தேன். எந்தத் தைரியத்தில் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பத்து.

“கருவிகிட்ட போம்மா. எந்த இடத்தில அப்படி வந்துதுன்னு தொட்டுக் காட்டு. தமிழ்லயே சொல்லு.”

அவள் போனாள். தொங்கிக்கொண்டிருந்த ஷீட்டைத் தொட்டாள். கை அதில் பட்டதும் ஆளே மாறிவிட்டாள்.

“மத்தியானம் ஆனா ஷீட்டுக்கு எடை கூடிச்சு மேடம்.”

வெளித்தேர்வாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். “காயிற ஷீட்டு எடை கூடுமா?”

“கூடாது சார். அதான் எனக்கும் ஒண்ணும் பிடிபடல்ல. மொதல்ல கரி ஒட்டுகோண்ணு நெனச்சேன். தொடச்சுப் பாத்தேன். அப்பமும் கூடிச்சு. பெறகு ஷீட்ட எடுத்துட்டு ஒரு இரும்புத் துண்டத் தொங்கவிட்டேன். மத்தியானம் அடுப்பில தீ நல்லா பிடிச்சப்பம் இரும்பும் எடை கூடிச்சு. இரும்பு எப்பிடி கூடும்? அப்பம் ஷீட்டு மேல குத்தமில்ல, லோடு செல்லுதான் சூட்டில பொய் சொல்லுகுண்ணு தெரிஞ்சுது.”

“அப்புறம்?” என்றேன். அது தாளில் இல்லாத கேள்வி. என்னையறியாமல் வந்துவிட்டது.

“ரெண்டாவது ஒரு லோடு செல்ல பக்கத்திலயே மாட்டி, அதில இரும்ப மாத்திரம் தொங்கவிட்டேன். இரும்பு எவ்வளவு கூடுகோ அவ்வளவும் பொய்யாக்கும். அத ஷீட்டு எடையில இருந்து கழிச்சிருவோம்.”

வெளித்தேர்வாளர் என் தாளில் கடைசி வரியில் விரலை வைத்தார். ‘நீங்கள் கண்ட தீர்வு சரிதான் என்று எப்படி நம்பினீர்கள்?’ என்ற அந்தத் துணைக்கேள்வியை எழுதும்போது எனக்கே பதில் தெரியாது. ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் வெறுமனே விட்டிருந்தேன். அவர் அதைத்தான் அவள் சொன்னதற்கேற்ப மாற்றிக் கேட்டார்.

“ரெண்டு லோடு செல்லும் ஒரே அளவு பொய் சொல்லும்னு எப்படி நம்பினே?”

நான் மறுபடி எண்ணத் தொடங்கினேன். இரண்டுக்குமேல் எண்ண வேண்டியிருக்கவில்லை.

“நம்பல்ல சார். சொல்லவும் இல்ல. ஒண்ணு கூடுதலா சொல்லிச்சு.” பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஓரமெல்லாம் புகைபடிந்து பழுத்திருந்தது. “ரெண்டிலயும் ஒரே எடையுள்ள இரும்பத் தொங்கவிட்டு, தீ மூட்டுகதுக்கு முன்னயும் பின்னயும் மணிக்கொருக்க எழுதினேன். ஒண்ணு இவ்வளவு மாறினா மத்தது எவ்வளவு மாறுகுண்ணு ஒரு கணக்கு கிட்டிச்சு. அந்தக் கணக்க இவன் புரோகிராமில போட்டான்.”

“ஆமா சார், அந்த எண்ணு அவ தந்ததுதான்,” என்றான் பையன்.

வெளித்தேர்வாளர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தேதி, மணி, இரண்டு பத்தியாக எண்கள். ஒரு பக்கத்தில் எண்களுக்கு நடுவே, ‘இன்று மழை, விறகு நனைந்தது, தீ பிடிக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு எழுந்து நின்று, மேசையைச் சுற்றி வந்து, அவளுக்குக் கை கொடுத்தார். பையனுக்கும் கொடுத்தார்.

“முப்பது வருஷமா வைவா எடுக்கேன். இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்ல.” என் பக்கம் திரும்பினார். “கேட்டதில்லன்னா, அவங்க சொல்லாததனால இல்லம்மா. நான் கேக்காததனால.”

துறைத்தலைவர் உள்ளே வந்துவிட்டிருந்தார். கருவிமுன் குனிந்து இரும்புத் துண்டை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். அவர் அவளைப் பார்த்துச் சொன்னது இதுதான்: “பிள்ளே, ரிவ்யூல நான் கேட்டப்பம் இத ஏன் சொல்லல்ல?”

அவள் சற்றுத் தயங்கினாள். “நீங்க இத கேக்கல்ல சார்.”

அவர் சிரித்துவிட்டார். மனதாரச் சிரித்தார். அவள் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து என்னைப் பார்த்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மீதி எல்லாக் குழுக்களையும் தொகுப்பை வைத்தே கேட்டோம். முதல் குழுவையும் மறுபடி கூப்பிட்டோம். கடையில் வாங்கி வந்த திட்டங்கள் இரண்டு, இரண்டாவது கேள்வியிலேயே கவிழ்ந்தன. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. ஆனால் அந்தக் குழுக்களிலும் ஒருவன், கடைச் சர்க்யூட்டில் ஒரு ரிலே வேலை செய்யாமல்போய், தானே கழற்றி மாற்றியிருந்தான். அந்த ஒன்றை அவன் எவ்வளவு ஆசையோடு சொன்னான்! அதற்கு உரிய மார்க்கைப் போட்டோம். ஓரத்தில் எழுதி வைத்திருந்த அளவுகோல் இருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை. ரப்பர் குழுவுக்கு மார்க் போடும்போது அவர் பேனாவை என்னிடம் நீட்டி, “நீங்களே போடுங்கம்மா,” என்றார். அவர்கள் இருவரைவிட அதிகமாக அன்று யாரும் வாங்கவில்லை.

கிளம்பும்போது தொகுப்பில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். துறைத்தலைவர் அவர் முன்னாலேயே, அடுத்த வருடம் எல்லாப் பிரிவுக்கும் இதே முறை என்று சொல்லிவிட்டார். லேப் அசிஸ்டென்ட் என் காதருகே வந்து, “பேர் போடுகப்பம் சோதிச்சுப் பாத்தவன் பேரையும் போடணும் கேட்டியளா,” என்றார். போட்டேன். எங்கள் துறைக் கோப்பில் முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரும் இருக்கிறது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது அவள் அங்கே நின்றிருந்தாள். கருவியைத் துணிப்பையில் கட்டி இடுப்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் போன். என்னைப் பார்க்கவில்லை. வகுப்பில் நான் கேட்டேயிராத குரலில், நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, எல்லாம் கேட்டாவ. துருவித் துருவிக் கேட்டாவ. நான் எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்!”

குலசேகரம் பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டி ஏறி, ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். போனை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை.